பில்லில் இருப்பது எந்த முருகன்?

கோவை கணபதியில் ஒரு கிரில் பட்டறையை மனதில் வைத்துக்கொள்வோம். ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, காம்பவுண்டு கேட் செய்கிற இடம். பெயர் முருகன் கிரில் ஒர்க்ஸ். கணவர் தொடங்கிய தொழிலை இப்போது மனைவியும் மைத்துனரும் கூட்டாளிகளாக நடத்துகிறார்கள். வெல்டிங் பக்கம் மைத்துனர். வரவு செலவு, பில், ரிட்டன் எல்லாம் அந்த அம்மாவின் பொறுப்பு. பெயரும் தொகையும் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்தவை. நடப்பதோ, சரக்கு வாங்கித் தொழில் செய்கிற எவருக்கும் நேரக்கூடியது.

2025 ஜூலை 22 அன்று, வழக்கமாக வாங்கும் இரும்புக் கடையிலிருந்து 1,250 கிலோ சதுர பைப் வந்து இறங்கியது. கிலோ 64 ரூபாய் வீதம் 80,000 ரூபாய். மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம், மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம், தலா 7,200. ஆக மொத்தம் 94,400 ரூபாய். எடை சரியாக இருந்தது, தொகையும் சரியாக இருந்தது. பில்லை ஃபைலில் கோத்தாயிற்று.

ஆகஸ்ட் 16 அன்று ஜூலை மாத ரிட்டனுக்காக ஜிஎஸ்டி தளத்தைத் திறந்து பார்த்தால், மற்ற கடைகளின் பில்கள் எல்லாம் இருக்கின்றன. இந்த ஒரு பில் மட்டும் இல்லை. ஃபைலைப் புரட்டி எடுத்துப் பார்க்கிறார். பெயர் முருகன் கிரில் ஒர்க்ஸ் என்றுதான் இருக்கிறது. ஆனால் அடியில் உள்ள முகவரி பொள்ளாச்சி. அதற்கும் அடியில் உள்ள ஜிஎஸ்டி எண் அவருடையது அல்ல.

உடனே கடைக்குப் போன் போடுகிறார்.

“அண்ணா, ஜூலை 22 பில்லுல வேற யாரோ நம்பர் வந்திருக்குதுங்க.”

“அது ஒண்ணுமில்லீங்க அம்மணி. பேனாவுல அடிச்சிட்டு உங்க நம்பரை எழுதிக்கோங்க. இல்லீன்னா வேற பில் போட்டு வாட்ஸ்அப்புல அனுப்பிச்சு விடறேன்.”

கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொன்ன இரண்டில் எதைச் செய்தாலும் அந்த அம்மாவுக்கு 14,400 ரூபாய் வரவாகக் கிடைக்காது. ஏன் கிடைக்காது, அப்படியானால் கடைக்காரரிடம் என்ன கேட்டு எழுத வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அந்த 14,400 ரூபாய் எங்கே இருக்கிறது?

ஜூலை மாதத்தில் பட்டறை தன் வாடிக்கையாளர்களிடம் வசூலித்த வரி 31,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மற்ற கடைகளில் சரக்கு வாங்கியபோது அவர்களுக்குக் கொடுத்த வரி 11,000. இந்த பைப்புக்குக் கொடுத்தது 14,400. வாங்கும்போது கொடுத்த வரியை, விற்கும்போது வசூலித்த வரியில் கழித்துக்கொள்ளலாம். இதைத்தான் உள்ளீட்டு வரி வரவு என்கிறார்கள். பேச்சில் கிரெடிட், ஐடிசி. இரண்டையும் கழித்தால் ஜூலைக்கு அரசுக்குக் கட்ட வேண்டியது 5,600 ரூபாய்தான். பைப் பில்லின் கிரெடிட் வராவிட்டால் 20,000 கட்ட வேண்டும். சரக்கு வந்தது உண்மை, வரி கொடுத்ததும் உண்மை. ஆனாலும் அந்தத் தொகையைக் கைப்பணமாக இன்னொரு முறை கட்ட வேண்டி வருகிறது.

கிரெடிட் கிடைக்கச் சட்டம் வைத்திருக்கும் நிபந்தனைகளில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று, முறையான பில் கையில் இருக்க வேண்டும். பில்லில் இருக்க வேண்டிய விவரங்கள் நிறைய. அவற்றில் சில விடுபட்டாலும் கிரெடிட் எடுக்கலாம் என்று ஜிஎஸ்டி விதி 36 சலுகை தருகிறது. ஆனால் எவை மட்டும் விடுபடவே கூடாது என்றும் அதே விதி சொல்கிறது: வரித் தொகை, சரக்கின் விவரம், மொத்த மதிப்பு, விற்றவரின் ஜிஎஸ்டி எண், வாங்கியவரின் ஜிஎஸ்டி எண், வெளிமாநில விற்பனை என்றால் எந்த மாநிலத்துக்கான விற்பனை என்பது. முகவரியில் தெருப்பெயர் பிழையாக இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். வாங்கியவரின் எண் பிழையாக இருந்தால் அந்தச் சலுகைக்கு இடமில்லை.

இரண்டாவது நிபந்தனை 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. விற்றவர் அந்தப் பில்லைத் தன் விற்பனை ரிட்டனான ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றியிருக்க வேண்டும். அது வாங்கியவரின் கணக்கில் தெரிய வேண்டும். அப்படித் தெரிகிற பட்டியலுக்கு ஜிஎஸ்டிஆர்-2பி என்று பெயர். சுருக்கமாக 2பி. வாங்கியவர் இந்தப் பட்டியலில் தானாக எதையும் சேர்க்க முடியாது. விற்றவர் எந்த எண்ணில் ஏற்றினாரோ அந்த எண்காரரின் 2பிக்குப் பில் போய்ச் சேரும்.

ஆகவே பிழை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று காகிதத்தில், இன்னொன்று கடைக்காரரின் ரிட்டனில். பேனாவால் அடித்து எழுதினால் காகிதம்கூடத் திருந்தாது. வாங்கியவர் கைவைத்த பில் என்ற பெயர்தான் மிஞ்சும். வாட்ஸ்அப்பில் புதுப் பில் வந்தால் காகிதம் திருந்தும், ரிட்டன் அப்படியே பொள்ளாச்சிக்காரர் பெயரில் நிற்கும். கடிதம் எழுதும் பலர் “சரியான எண்ணுடன் புதுப் பில் அனுப்பவும்” என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். ரிட்டனைத் திருத்தும்படி கேட்காத கடிதம் பாதி வேலையைத்தான் செய்கிறது.

பதினைந்து எழுத்தில் பிழை எப்படி நுழைகிறது?

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நடுவில் நான்கு பூஜ்யங்கள் போட்டிருப்பது, உண்மையில் யாருடைய எண்ணாகவும் இருந்துவிடக் கூடாது என்பதற்காக.

```
கணபதி      33AAAFM0000A1ZN
பொள்ளாச்சி   33BBBPM0000B1ZW
```

முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34, கேரளாவுக்கு 32, கர்நாடகாவுக்கு 29. அடுத்த பத்து எழுத்தும் பான் எண். பானின் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்து, வைத்திருப்பவர் யார் என்று சொல்லும். P என்றால் தனிநபர், F என்றால் கூட்டு நிறுவனம், C என்றால் கம்பெனி. பதின்மூன்றாவது இடம், அதே பானில் அதே மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பதைக் காட்டும். பதினான்காவது வழக்கமாக Z. கடைசி எழுத்து சரிபார்ப்பு எழுத்து. முன்னால் இருக்கும் பதினான்கையும் வைத்து ஒரு கணக்குப் போட்டுக் கிடைப்பது.

இந்தக் கடைசி எழுத்து இருப்பதால், ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டினால் கணக்கு உதைக்கும், எண் செல்லாது என்று கணினி சொல்லிவிடும். 0 என்ற இலக்கத்துக்குப் பதில் O என்ற எழுத்தைத் தட்டுவது போன்ற பிழைகள் பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும். தப்பித்து நம் கைக்கு வந்து சேருவது வேறு வகைப் பிழை. எண் முழுக்கச் சரியாக இருக்கும், ஆனால் வேறொருவருடையதாக இருக்கும்.

இது நேரும் வழிகளில் முக்கியமானவை மூன்று. முதலாவது, ஒரே பெயர். கடையில் பில் போடும் பையன் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டுகிறான். திரையில் இரண்டு முருகன் வருகிறார்கள். அவசரத்தில் மேலே இருப்பவரைத் தேர்ந்தெடுக்கிறான். பெயரோடு சேர்ந்து முகவரியும் எண்ணும் தாமாக வந்து உட்கார்ந்துவிடும். நம் ஊரில் முருகனுக்கும் லட்சுமிக்கும் அன்னைக்கும் எத்தனை கடைகள் என்று எண்ணிப் பார்த்தால், இது ஏன் நேர்கிறது என்று புரியும்.

இரண்டாவது, பழைய எண். தனி உரிமையாளராக இருந்தவர் மகனையோ தம்பியையோ சேர்த்துக் கூட்டு நிறுவனமாக்கினால் பான் மாறும். பான் மாறினால் ஜிஎஸ்டி எண்ணும் மாறும். பெயர்ப்பலகையும் வாசலும் மாறாததால், கடைக்காரரின் கணினியில் பழைய எண் அப்படியே தங்கிவிடும். மூன்றாவது, கிளை. ஓசூரில் பட்டறையும் பெங்களூருவில் கிளையும் வைத்திருப்பவருக்கு 33இல் ஓர் எண், 29இல் ஓர் எண். இவை மாறிப்போனால் எண்ணோடு வரியின் வகையும் மாறிவிடலாம். அது தனிச் சிக்கல், ஆடிட்டரை வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

பில்லில் இருப்பது யாருடைய எண் என்று கண்டுபிடிப்பது எளிது. `www.gst.gov.in` தளத்தில் `Search Taxpayer` என்ற பகுதி இருக்கிறது. அதற்குள் போய் எண்ணைக் கொடுத்தால் பதிவு பெற்றவரின் பெயரும் பதிவின் நிலையும் வரும். இதற்கு லாகின் கூடத் தேவையில்லை. கடிதம் எழுதுவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது. எண் வேறொருவருடையதா, நம்முடைய ரத்தான பழைய எண்ணா என்று தெரிந்தால்தான் கடிதத்தில் தெளிவாக எழுத முடியும்.

என்ன கேட்பது என்பதைத் தேதி முடிவு செய்யும்

மாதாமாதம் ரிட்டன் போடுகிறவர்களுக்கு மூன்று தேதிகள் மனப்பாடம். ஒரு மாதத்து விற்பனைப் பில்களை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் விற்றவர் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்ற வேண்டும். 14ஆம் தேதி வாங்கியவரின் 2பி உருவாகும். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி போட்டு வரியைக் கட்ட வேண்டும். சிறு கடைகள் சில மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டன் போடும். அவர்களுக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13ஆம் தேதி. நம் கடை எந்த வகை என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டறை அம்மா சரக்கு இறங்கிய ஜூலை 22 அன்றே, அல்லது ஆகஸ்ட் 11க்கு முன் கடைக்காரர் ரிட்டன் போடுவதற்குள் பிழையைப் பார்த்திருந்தால் வேலை எளிது. கடைக்காரர் தன் கணினியில் பில்லைத் திருத்தி, சரியான எண்ணுடன் மறுபடி எடுத்துக் கொடுப்பார். ரிட்டனில் ஏறுவதே சரியாக ஏறும். எந்தத் தடயமும் இருக்காது.

ஆண்டு விற்பனை 5 கோடிக்கு மேல் உள்ள கடை என்றால் அங்கே மின்-விலைப்பட்டியல் முறை கட்டாயம். பில்லில் ஒரு க்யூஆர் கட்டம் இருக்கும். அந்தப் பில்லை அரசின் தளத்தில் பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள்தான் அதே தளத்தில் ரத்து செய்ய முடியும். ரத்து செய்தால் அந்தப் பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது, புது எண்ணில்தான் பில் வரும். ஆகவே பெரிய கடையில் சரக்கு வாங்கினால், பில்லைப் பார்க்கக் கிடைக்கும் அவகாசம் ஒரே ஒரு நாள். அதற்குப் பிறகு ரிட்டன் வழியாகத்தான் திருத்தம்.

அம்மா பார்த்தது ஆகஸ்ட் 16. கடைக்காரரின் ஜூலை ஜிஎஸ்டிஆர்-1 போய்விட்டது. ஏறிய பில்லை அழிக்க முடியாது. அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1இல் 9ஏ என்ற அட்டவணை இருக்கிறது. முந்தைய மாதங்களில் ஏற்றிய பில்களைத் திருத்துவதற்கென்றே உள்ளது. அதில் பழைய பில் எண்ணைக் கொடுத்து, வாங்கியவரின் ஜிஎஸ்டி எண்ணை மாற்ற வேண்டும். செப்டம்பர் 11க்குள் கடைக்காரர் இதைச் செய்தால், செப்டம்பர் 14 அன்று அம்மாவின் 2பியில் திருத்தப்பட்ட பில்களின் கீழ் இது தெரியும். அந்த மாத ரிட்டனில் 14,400 ரூபாயை வரவாக எடுத்துக்கொள்ளலாம். பணம் ஒரு மாதம் தள்ளிப்போகும், தொலைந்துபோகாது.

இந்த இடத்தில் சிலர், “1ஏ போட்டு இந்த மாசமே சரி பண்ணிடலாம்” என்பார்கள். ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற படிவம் 2024இல் வந்தது. ஒரு மாதத்து விற்பனை ரிட்டனில் உள்ள பிழையை, அதே மாதத்து 3பி போடுவதற்குள் திருத்திக்கொள்ள உதவுவது. தொகை, வரி போன்றவற்றை அதில் திருத்தலாம். வாங்கியவரின் ஜிஎஸ்டி எண்ணை மட்டும் அதில் மாற்ற முடியாது. அதற்கு அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1தான் வழி. எனவே கடிதத்தில் 9ஏ என்றே குறிப்பிட்டுக் கேட்பது நல்லது.

கடிதம்

இத்தனையும் தெரிந்த பிறகு அந்த அம்மா எழுதும் கடிதம் இப்படி இருக்கும்.

அனுப்புநர்:
முருகன் கிரில் ஒர்க்ஸ்,
கணபதி, கோயம்புத்தூர்.
ஜிஎஸ்டி எண்: 33AAAFM0000A1ZN

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
இரும்புக் கடை, கோயம்புத்தூர்.

நாள்: 16.08.2025

பொருள்: பில் எண் 418, நாள் 22.07.2025 – வாங்கியவரின் ஜிஎஸ்டி எண் தவறு – பில்லையும் ரிட்டனையும் திருத்தித் தரக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

மேற்கண்ட பில்லின்படி 1,250 கிலோ சதுர பைப் எங்கள் கணபதி பட்டறையில் சரியான எடையில் இறங்கியது. சரக்கின் மதிப்பு ரூ. 80,000, மத்திய ஜிஎஸ்டி ரூ. 7,200, மாநில ஜிஎஸ்டி ரூ. 7,200, மொத்தம் ரூ. 94,400. இந்தத் தொகைகளில் பிழை ஏதும் இல்லை.

பில்லில் வாங்கியவரின் எண் 33BBBPM0000B1ZW என்றும், முகவரி பொள்ளாச்சி என்றும் அச்சாகியுள்ளது. அந்த எண் எங்களுடையது அல்ல. அதே பெயரில் உள்ள வேறொரு நிறுவனத்துடையது. எங்கள் சரியான எண் 33AAAFM0000A1ZN. எங்கள் ஜூலை மாத 2பியில் இந்தப் பில் வரவில்லை.

எனவே கீழ்க்கண்ட மூன்றையும் செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1. அதே பில் எண்ணும் அதே தேதியும் கொண்டு, எங்கள் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் சரியாக அமையும்படி திருத்திய பில்லைக் கையெழுத்துடன் தரவும்.

2. உங்கள் ஆகஸ்ட் மாத ஜிஎஸ்டிஆர்-1இல், 9ஏ அட்டவணையில், இந்தப் பில்லுக்கான எண்ணைத் திருத்தவும். செப்டம்பர் 11ஆம் தேதிக்குள் இது ஏறினால் அந்த மாதமே எங்களுக்கு வரவு கிடைக்கும்.

3. உங்கள் கணினியில் எங்கள் பெயருக்கு எதிரே சரியான எண்ணைப் பதிந்து, இதற்கு முன் எங்களுக்குப் போட்ட பில்களில் இதே பிழை உள்ளதா என்று பார்த்துச் சொல்லவும்.

எங்கள் ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழின் நகலும் மேற்படி பில்லின் நகலும் இணைத்துள்ளோம். திருத்தம் ஏற்றியதும் ஒரு வரி தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
முருகன் கிரில் ஒர்க்ஸுக்காக,
கூட்டாளி

இந்த வரிகள் ஏன் இப்படி இருக்கின்றன?

தொகைகளில் பிழை இல்லை என்று முதலிலேயே சொல்லியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பில்லைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றதும், விலையில் குறைக்கச் சொல்கிறார்களோ, சரக்கில் குறை சொல்கிறார்களோ என்று விற்றவருக்கு ஐயம் வரும். மாற்ற வேண்டியது எண்ணும் முகவரியும் மட்டுமே என்று தெரிந்தால் வேலை தடையின்றி நடக்கும். கடைக்காரருக்கு இதில் கூடுதல் வரி எதுவும் இல்லை. 14,400 ரூபாயை அவர் ஏற்கெனவே கணக்கில் காட்டிவிட்டார். மாறுவது அது யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும்தான்.

தவறான எண், சரியான எண் இரண்டையும் எழுதியிருப்பதும் அப்படித்தான். “எண் தவறாக உள்ளது” என்று மட்டும் எழுதினால் எந்த எழுத்து தவறு என்று கடையில் தேடுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பார்த்தால் இது தட்டச்சுப் பிழை அல்ல, ஆள் மாறியது என்று உடனே புரிந்துவிடும். எண்ணைப் போனில் வாசித்துச் சொல்ல வேண்டாம். பி, டி, ஜி எல்லாம் காதில் ஒன்றுபோல விழும். சான்றிதழ் நகலை இணைப்பதோடு, எண்ணைத் தனிச் செய்தியாகவும் அனுப்பினால் அவர்கள் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வார்கள்.

அதே பில் எண், அதே தேதி என்று கேட்பது மிக முக்கியம். ரிட்டனில் ஏறிவிட்ட பில்லை அப்படியே விட்டுவிட்டு, கடைக்காரர் புது எண்ணில் இன்னொரு பில் போட்டால், ஒரே சரக்குக்கு இரண்டு பில்கள் ஆகிவிடும். பழையதுக்கு வரவுக் குறிப்பு, அதாவது கிரெடிட் நோட், போடாதவரை அவர் இரண்டு முறை வரி கட்ட வேண்டி வரும். கிரெடிட் நோட் போட்டுப் புதுப் பில் தருவதும் ஒரு வழிதான். ஆனால் அந்தக் கிரெடிட் நோட் பொள்ளாச்சிக்காரரின் பெயரில் போக வேண்டும்; அவரையும் இதற்குள் இழுக்க வேண்டும். எண் மட்டும் தவறு என்றால் 9ஏ திருத்தமே நேர்வழி.

கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போட்டு வைப்பது நல்லது. எந்தத் தேதியில் கேட்டோம் என்பதற்குச் சான்று வேண்டும். பின்னால் ஒரு நோட்டீஸ் வந்தால், சரக்கு வந்ததற்கான செலான், பணம் கொடுத்த வங்கிக் கணக்கு, இந்தக் கடிதம், திருத்திய பில் ஆகிய நான்கும் ஒரே ஃபைலில் இருக்க வேண்டும்.

கடிதத்துக்குப் பிறகு

ஆகஸ்ட் 20 அன்று ஜூலை ரிட்டன் போடும்போது அந்த 14,400 ரூபாயைச் சேர்க்கக் கூடாது. கையில் பில் இருக்கிறது, கடைக்காரரும் திருத்துவதாகச் சொல்லிவிட்டார் என்ற தைரியத்தில் பலர் சேர்த்துவிடுகிறார்கள். 2பியில் இல்லாததை எடுத்தது தளத்திலேயே தெரியும். தவறாக எடுத்துப் பயன்படுத்திய வரவுக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டியும் சேர்த்துத் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு மாதம் 20,000 கட்டிவிட்டுக் காத்திருப்பதே பாதுகாப்பு.

பொள்ளாச்சி முருகனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தான் வாங்காத பைப்புக்கு 14,400 ரூபாய் வரவு அவருடைய 2பியில் வந்து உட்கார்ந்திருக்கும். 2024 அக்டோபரில் வந்த விலைப்பட்டியல் மேலாண்மைப் பகுதியில், வந்திருக்கும் ஒவ்வொரு பில்லையும் ஏற்கவும் நிராகரிக்கவும் இடம் உண்டு. ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். சரக்கு வராமல் வரவு எடுப்பது சட்டப்படி தவறு. எடுத்துப் பயன்படுத்தினால் அவருக்கும் அதே 18 சதவீத வட்டி. எனவே நம் 2பியில் நமக்கு வராத சரக்கின் பில் தெரிந்தால் நிராகரிக்க வேண்டும், விற்றவருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கோ ஒரு பட்டறைக்காரர் அந்தப் பில்லைத் தேடிக்கொண்டிருப்பார்.

செப்டம்பர் 14 அன்று 2பியைத் திறந்து பில் 418 வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இந்த விஷயம் முடிந்ததாகக் கொள்ள வேண்டும். “போட்டாச்சு” என்ற சொல்லை நம்பி விட்டுவிடக் கூடாது. வராவிட்டால் மறுநாளே நினைவூட்ட வேண்டும். காரணம், இதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கிறது. ஒரு நிதியாண்டின் பில்லைத் திருத்தவும், அதன் வரவை எடுக்கவும், அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் அவகாசம். அதற்கு முன்பே ஆண்டு ரிட்டன் போட்டுவிட்டால் அத்தோடு முடிந்தது. 2025 ஜூலைப் பில்லுக்கு அந்தத் தேதி 2026 நவம்பர் 30. தேதி தாண்டினால் கடைக்காரர் விரும்பினாலும் திருத்த முடியாது.

திருத்தம் வரும்வரை கடைக்காரரின் பாக்கியில் வரித் தொகையை மட்டும் பலர் நிறுத்தி வைப்பதுண்டு. அது இருவருக்கும் இடையே உள்ள பேச்சைப் பொறுத்தது. ஆனால் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் வரியோடு சேர்த்து முழுத் தொகையையும் கொடுக்காவிட்டால், எடுத்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பிடித்து வைக்கும்போது அந்தக் கணக்கும் நினைவில் இருக்கட்டும்.

ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்று தொடங்கிய புதிதில் இப்படி எண் மாறிய பில்கள் ஏராளம். அந்தத் தொடக்க ஆண்டுகளுக்காக 2022 டிசம்பர் 27 தேதியிட்ட 183ஆம் சுற்றறிக்கை ஒரு வழி காட்டியது. வித்தியாசத் தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால், சரக்கு உண்மையில் இன்னாருக்குத்தான் போனது, வரியும் கட்டியாயிற்று என்று விற்றவரே சான்று தந்தால் அதிகாரி ஏற்கலாம். அதற்கு மேல் என்றால் ஆடிட்டர் சான்று வேண்டும். அந்தச் சலுகை 2017-18, 2018-19 நிதியாண்டுகளுக்கு வந்தது. பின்னர் 2021 டிசம்பர் வரையிலான காலத்துக்கு வரம்புகளோடு நீண்டது. இன்று வாங்கும் சரக்குக்கு அது உதவாது. நம்மிடம் இருப்பது ஜிஎஸ்டிஆர்-1 திருத்தமும் நவம்பர் 30ஆம் தேதியும்தான்.

சரக்கு இறங்கும்போது எடையைப் பார்க்கிறோம், தொகையைக் கூட்டிப் பார்க்கிறோம். செலானில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நம் ஜிஎஸ்டி எண்ணையும் ஒருமுறை பாருங்கள். பதினைந்தையும் படிக்க நேரமில்லை என்றால் முதல் இரண்டு இலக்கத்தையும், ஆறாவது எழுத்தையும், கடைசி எழுத்தையும் பாருங்கள். ஆள் மாறியிருந்தால் பெரும்பாலும் இந்த நான்கிலேயே தெரிந்துவிடும். சரியான எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, சரக்கு இறக்கும் இடத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். லாரி கிளம்புவதற்குள் கண்ணில் பட்டுவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதவே வேண்டியிருக்காது.